இணைப்பு கேட்டால்

"உங்கள் கிட்ஹப் இணைப்பை அனுப்புங்கள்" என்று வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்கிறார். இத்தனை வருடம் எழுதிய நிரலெல்லாம் கம்பெனியின் பூட்டிய களஞ்சியத்தில். உங்கள் பக்கமோ காலி. அடுத்தவர் திட்டங்களை ஃபோர்க் செய்து அதை நிரப்பாதீர்கள். திட்டத்தின் பெயருக்குக் கீழேயே forked from என்று காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனி நிரலை வெளியே போடுவதோ ஒப்பந்த மீறலாகிவிடும்.

உள்ளதை எழுதுங்கள்: "என் வேலை நிறுவனத்தின் தனிக் களஞ்சியத்தில் இருப்பதால் பகிர அனுமதியில்லை. பில்லிங் மென்பொருளில் நான் செய்த பகுதியை ஒரு பக்கக் குறிப்பாக இணைத்துள்ளேன். உங்கள் முன்னால் நிரல் எழுதிக் காட்டவும் தயார்."

குறிப்பில் வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். என்ன சிக்கல், நீங்கள் எதை மாற்றினீர்கள், பிறகு என்ன ஆனது என்பது போதும். பதிலை அன்றே அனுப்பிவிடுங்கள்.