‘ஒரு மாதிரியா இருக்கு’

அட்டப்பாடியின் அகளியிலிருந்து கோவையில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்குத் தம்பி அனுப்பும் ஒரு செய்தியைக் கற்பனை செய்துகொள்வோம். “அக்கா, அம்மாவுக்குக் காலைல இருந்து ஒரு மாதிரியா இருக்காம்.” அவள் கேட்கிறாள்: “ஒரு மாதிரின்னா எப்படிடா?” “கிறுகிறுன்னு இருக்காம்.” “கிறுகிறுன்னா? தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா?” “அப்படித்தான் போல. மயக்கமா இருக்காம்.” “மயக்கம்னா?” “அதான் சொன்னேனே அக்கா.”

மூன்று கேள்விகள் கேட்டாகிவிட்டது. இதுவரை வந்த மூன்று சொற்களில் எதுவும் முந்தையதைவிடத் தெளிவாக இல்லை. நான்காவது முறையும் அதே கேள்வியைக் கேட்டால் தம்பி இன்னொரு சொல்லைத் தேடி எடுத்துத் தருவான், அல்லது சலித்துப்போய் போனைக் கீழே வைத்துவிடுவான். இதில் இருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. தலைக்குள் நடப்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவரோ அதற்குப் பெயர் வைத்துப் பழகியவர் அல்லர். அவர் சொன்னதைக் கேட்டு எழுதும் தம்பியின் கையில் இருப்பது ஒரு சொல் மட்டும்தான். தன்னிடம் இல்லாததை அவன் எப்படித் தெளிவாக்க முடியும்? தமிழும் மலையாளமும் இருள மொழியும் முடுக மொழியும் ஒரே பேருந்தில் கேட்கிற ஊர் அது. வீட்டில் ஒரு மொழியும் மருத்துவமனையில் இன்னொன்றும் பேசுகிறவர்கள், எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும் என்று தோன்றும் அருகிலுள்ள சொல்லை எடுத்துக்கொள்வது இயல்பு. ‘மயக்கம்’ அப்படி எல்லோருக்கும் பொதுவாகிப்போன சொல்.

மருத்துவ உலகமே இந்தச் சுழலில் நெடுங்காலம் நின்றிருக்கிறது. 1972-இல் டிராக்மன், ஹார்ட் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, ‘தலைச்சுற்றல் என்றால் எப்படி இருக்கிறது?’ என்று முதலில் கேட்பது வழக்கமாயிற்று. அறை சுழல்கிறதா, நினைவு தப்பப் பார்க்கிறதா, கால் தடுமாறுகிறதா, இவை எதிலும் அடங்காத லேசான கிறுகிறுப்பா என்று நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கேற்பக் காரணத்தைத் தேடினார்கள். 2007-இல் டேவிட் நியூமன்-டோக்கரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு சோதனை செய்தார்கள். உங்கள் தலைச்சுற்றல் எந்த வகை என்று நோயாளிகளிடம் கேட்டுவிட்டு, சில நிமிடங்கள் கழித்து அதையே வேறு வரிசையில் மறுபடி கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் முதலில் சொன்ன வகையை மாற்றிச் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்ற கேள்விகளுக்கு வந்த பதில்கள் அவ்வளவாக மாறவில்லை.

இந்த முடிவு தலைச்சுற்றலோடு நின்றுவிடுவதில்லை. ‘எப்படி இருக்கிறது’ என்று நாம் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் தன் அனுபவத்தைக் கடந்து நின்று அதற்கு ஒரு பெயரிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெயரிடுவது ஒரு பயிற்சி. நோயாளிக்கு அந்தப் பயிற்சி இருந்திருந்தால் முதல் செய்தியே வேறு மாதிரி வந்திருக்கும். ‘எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம்’ என்று கேட்கும்போதோ நடந்ததை நினைவிலிருந்து சொன்னால் போதும். அதற்கு எந்தப் புலமையும் வேண்டியதில்லை.

எனவே இரண்டாவது பதிலும் மங்கலாக வந்தவுடனே அக்கா அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும். “அம்மா இப்ப என்ன செய்யறாங்க?” “படுத்திருக்காங்க.” “அசையாமப் படுத்திருந்தா சுத்தமா நின்னுடுதா, குறையுதா?” “நின்னுடுதாம். புரண்டு படுத்தா வருது.” “வந்தா எவ்வளவு நேரம்?” “ஒரு நிமிஷம்கூட இல்ல.” ‘மயக்கம்’ என்ற சொல் இன்னமும் மங்கலாகவே இருக்கிறது, ஆனால் செய்தி தெளிந்துவிட்டது. காதின் உட்பகுதியில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் தலைச்சுற்றல் இப்படித்தான் வரும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையால் மருத்துவர் பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிட முடியும். எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறது என்று தம்பி சொல்லியிருந்தால், அவளுடைய எண்ணம் ரத்த அழுத்த மாத்திரை பக்கமோ, நீர் வற்றியதன் பக்கமோ, ரத்தசோகையின் பக்கமோ போயிருக்கும். அட்டப்பாடியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோயும் ரத்தசோகையும் இருப்பதால் கடைசிக் காரணத்தை அங்கே எளிதில் தள்ளிவிட முடியாது.

‘சுத்தமா நின்னுடுதா, குறையுதா’ என்று அவள் பிரித்துக் கேட்டதை நாம் கவனிக்க வேண்டும். எந்தத் தலைச்சுற்றலும் அசைந்தால் கூடத்தான் செய்யும். ‘அசைஞ்சா வருதா?’ என்று மட்டும் கேட்டால் பக்கவாத நோயாளியும் ‘ஆமா’ என்பார். அந்த ‘ஆமா’வும் மங்கலான சொல்தான், தெளிவு போன்ற ஒரு வேடத்தில் வருவதால் அது ‘ஒரு மாதிரி’யைவிட ஆபத்தானது. நாமே ஒரு விடையை நீட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளும்போது சுழல் நின்றுவிட்டதாகத் தோன்றும்; கேட்டவருடைய ஊகம் மட்டும் அவரிடமே திரும்பி வந்திருக்கும். இரண்டு வழிகளையும் சம எடையில் எதிரெதிரே வைத்தால்தான் வருகிற பதிலுக்குப் பொருள் உண்டு.

நேரத்தைக் கேட்டாலும் ‘அப்பப்ப’ என்றே பதில் வருவது உண்டு. அப்போது பொதுவாகக் கேட்பதை விட்டு, கடைசியாக வந்த ஒரு தடவையைப் பிடித்துக்கொள்ளலாம்: கடைசியாக வந்தபோது எங்கே இருந்தார், நின்றாரா, உட்கார்ந்தாரா, எதைப் பிடித்துக்கொண்டார்? மனித மனம் வழக்கங்களைச் சுருக்கி மங்கலாக வைத்துக்கொண்டாலும் ஒரு தனி நிகழ்வைப் பெரும்பாலும் அதன் இடத்தோடும் உடலின் நிலையோடும் சேர்த்தே வைத்திருக்கிறது; ஆகவே ‘வழக்கமாக’ என்று தொடங்கும் கேள்வி தடுமாறுகிற இடத்தில் ‘அன்றைக்கு’ என்று தொடங்கும் கேள்விக்கு வழி கிடைத்துவிடுகிறது.

அதுவும் பலிக்காவிட்டால் கேட்பதையே நிறுத்திவிட வேண்டும். கேள்விகளைத் தொடர்கிறவர் தாம் அக்கறையோடு இருப்பதாகவே நம்புகிறார். ஆனால் முடிவெடுக்கும் சுமையைத் தம் தோளிலிருந்து, அதைத் தாங்க மிகக் குறைந்த வலுவுள்ளவரின் தோளுக்கு அவர் மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். முழுத் தெளிவு கிடைத்த பின்பே செயல்படுவேன் என்பது அறிவின் ஒழுக்கம்போலத் தோன்றினாலும், காலம் கடந்தால் மீளாத ஒன்று எதிரில் இருக்கும்போது அந்த ஒழுக்கத்தின் விலையைக் கொடுப்பவர் கேள்வி கேட்டவர் அல்லர், படுத்திருப்பவரே. ஆகவே சொல்லைக் கைவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா, துணையின்றி நடக்கிறாரா, பேச்சு குளறுகிறதா, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா, முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும், தலைச்சுற்றல் திடீரென்று தொடங்கி விடாமல் நீடித்தாலும், அதன் பெயரைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டியை வரவழைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டால் நிலைமை பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பக்கவாதம் சில வேளைகளில் தலைச்சுற்றலாக மட்டுமே தொடங்குகிறது. அதனால்தான் பதில்கள் கடைசிவரை மங்கலாகவே இருந்தால், சாத்தியமான காரணங்களுள் மிக மோசமானது உண்மையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அகளி சமூக சுகாதார நிலையத்துக்கோ கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கோ அழைத்துப் போகச் சொல்வது நியாயமாகிறது.

அழைத்துப் போகும்போது தம்பி கையில் எழுதித் தர வேண்டியது ‘மயக்கம்’ என்ற சொல் அல்ல. அதை எழுதினால் மருத்துவரும் ‘மயக்கம்னா?’ என்றே தொடங்க நேரும். எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் வருகிறது, அசையாதிருந்தால் முழுக்க நிற்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற நான்கு வரிகளை அவள் செய்தியாகவே அனுப்பிவிடலாம். அவன் போனைத் திருப்பிக் காட்டினால் போதும்.