கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும்?

மருத்துவ அட்டைக்கான விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்திடும் இடத்துக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருப்பது வழக்கம். விண்ணப்பதாரரின் உடல்நிலை அறிந்த எந்த மருத்துவரும், கிளினிக்கும், மருத்துவமனையும் எந்தத் தகவலையும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தரலாம், அவர் இறந்த பிறகும் இந்த அனுமதி செல்லும், இதன் நகலும் அசலுக்கு நிகரானது என்பது அதன் சாரம். லூமுட், ஸ்ரீமஞ்சோங், சித்தியவான் போன்ற சிறு ஊர்களில் படிவத்தைக் கொண்டுவரும் முகவர் அறிமுகமானவராகவோ உறவினராகவோ இருப்பார். அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்து விழுகிறது. அந்தக் கையெழுத்தால் ஒருவரின் மருத்துவ வாழ்க்கை முழுவதும் நிறுவனத்தின் உடைமையாகிவிடுகிறதா? ஆகாது, ஆகவும் கூடாது. நிறுவனம் எதைக் கேட்டுப் பொறுப்பை ஏற்றதோ, அதைச் சரிபார்க்கத் தேவையான அளவுக்கே அந்த அனுமதி செல்லும். அதற்கு மேல் எடுப்பது, கையெழுத்து இருந்தாலும், அத்துமீறல்தான்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காப்புறுதி என்பது பலர் சேர்ந்து போடும் பொதுப்பணம். ஒருவர் தமக்கிருக்கும் இதய நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால், அந்தச் செலவு தோட்டத்தை விட்டு வந்து மாதச் சம்பளத்தில் கட்டணம் செலுத்தும் அடுத்தவர் தலையில் விழும். எனவே சொன்னது உண்மையா என்று பார்க்க நிறுவனத்துக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையின் அகலம் என்ன என்பதில்தான் சிக்கல். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், ஒன்பதாம் அட்டவணையில், இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. தனிநபர் பாலிசி எடுக்கும்போது நிறுவனம்தான் குறிப்பான கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டதற்குத் தக்க கவனத்தோடு பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை. நிறுவனம் கேட்காமல் விட்டதை, தெரிந்துகொள்ளும் உரிமையை அதுவே விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் கருதுகிறது. தானே கேட்காமல் விட்டதைப் பின்னால் கிளினிக் அட்டையில் தேடிப் பார்க்கும் உரிமை மட்டும் நிறுவனத்துக்கு எங்கிருந்து வரும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் பாலிசி எடுத்திருக்கிறார். கடந்த ஐந்து ஆண்டுகளில் கல்லீரல், பித்தப்பை, வயிறு தொடர்பாகவும் மனநலம் தொடர்பாகவும் சிகிச்சை பெற்றதுண்டா என்று படிவம் கேட்டது. இல்லை என்று உண்மையாகவே எழுதினார். இப்போது பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். கல் பாலிசிக்கு முன்பே இருந்ததா என்று நிறுவனம் சரிபார்ப்பது முறை. அதற்கு வேண்டியவை, கேள்வியில் சொன்ன ஐந்து ஆண்டுகளும் அதற்குப் பிறகும் எழுதப்பட்ட வயிற்றுவலிக் குறிப்புகளும் ஸ்கேன் அறிக்கைகளும் மட்டுமே. ஆனால் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்குப் போகும் கடிதம் “அனைத்துப் பதிவுகளும்” என்று கேட்கிறது. வேண்டிய பக்கங்களைப் பிரித்தெடுக்க நேரமில்லாத கிளினிக் முழு அட்டையையும் நகலெடுத்து அனுப்பிவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வும், கணவருக்காகச் செய்துகொண்ட பால்வினை நோய்ப் பரிசோதனையும் அந்த நகலில் இருக்கின்றன. கல்லுக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் இழப்பீட்டை மதிப்பிடுபவரின் மேசையில் அவை திறந்து கிடக்கின்றன. அடுத்த புதுப்பிப்பிலோ வேறொரு விண்ணப்பத்திலோ இவை அவருக்கு எதிராகத் திரும்பினால், காரணம் எங்கிருந்து வந்தது என்றுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அவரே சம்மதித்தாரே என்பது முதல் மறுப்பு. சம்மதம் எந்த நிலையில் பெறப்பட்டது என்று பார்க்க வேண்டும். வலியோடு மருத்துவமனை முகப்பில் நிற்பவரிடம், உத்தரவாதக் கடிதம் வர வேண்டுமானால் இதில் கையெழுத்திடுங்கள் என்று ஒரு தாள் நீட்டப்படுகிறது. மறுத்தால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் முன்பணம் கட்ட வேண்டும். அந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லலாம். ஆனால் மறுக்க வழியில்லாதவரின் சம்மதத்தை அகலமாக வாசிக்கும் உரிமை, அதை வாங்கியவருக்கு அறப்படி கிடையாது. ரப்பர்த் தோட்டக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தோட்ட ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர் நிர்வாகத்தின் ஊழியர். காய்ச்சலா, கருவா, காயமா என்பதைக் கூலி கொடுப்பவரும் அறியலாம். தொழிலாளியின் உடலைப் பற்றிய அறிவும் அவருக்குப் பணம் தரும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்திருந்தன. அந்த நிலையிலிருந்து வெளியேறி வந்த ஒரு சமூகத்திடம், பெயரை மாற்றி அதே ஏற்பாட்டைத் திரும்பக் கேட்கக்கூடாது.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், உடல், மன நலத் தகவல்களை நுண்ணிய தகவல் என்று தனியே பிரித்து, வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் வேறு விஷயங்களோடு ஒரே படிவத்தில் கேட்கப்பட்டால், அது கண்ணுக்குத் தனித்துத் தெரிய வேண்டும் என்கின்றன அதன் விதிகள். தகவல் அறிவிப்பு மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்த மூத்தவர்களுக்கு அந்த இரண்டிலுமே சட்ட நடை எட்டாது. எனவே முகவர் வாயால் விளக்கிச் சொல்வது உபகாரம் அல்ல, கடமை.

மோசடியைத் தடுக்க முழுப் பதிவும் வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. சந்தேகத்துக்குக் காரணம் இருக்கும் இடத்தில் அந்தக் காரணத்தை எழுதி, அதற்கேற்ற பதிவைக் கேட்கலாம். தம் சட்ட உரிமையைக் காத்துக்கொள்ள நுண்ணிய தகவலைக் கையாள 2010ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எல்லோரையும் மோசடிக்காரராக நினைத்து எல்லாவற்றையும் வாங்கிச் சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு. 2021 மே மாதம், ஆக்ஸா குழுமத்தின் ஆசிய உதவிச் சேவைப் பிரிவின் மீது பிணைப்பணத் தாக்குதல் நடந்தது. தாய்லாந்து, மலேசியா, ஹாங்காங், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களின் கணினிச் செயல்பாடு பாதிக்கப்பட்டது. மருத்துவ அறிக்கைகள் உட்பட மூன்று டெராபைட் தகவலை எடுத்துவிட்டதாகத் தாக்கியவர்கள் சொன்னார்கள். தாய்லாந்தில் கையாளப்பட்ட சில தகவல்கள் எட்டப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாங்காத பதிவு திருடுபோகாது. முகவரின் வாட்ஸ்அப்பில் புகைப்படமாகத் தங்கிவிடும் ஸ்கேன் அறிக்கைக்கும் இது பொருந்தும். ஊர் சிறியது என்பதால் அங்கே கசிவின் வலி இன்னும் அதிகம்.

கையெழுத்திட்ட பிறகும் பாலிசிதாரரிடம் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமைகள் எஞ்சியிருக்கின்றன. நிறுவனம் தம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்கலாம். நுண்ணிய தகவலின் நகலுக்குக் கட்டணம் 30 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது, பதில் பொதுவாக 21 நாளில் வர வேண்டும். தவறான பதிவைத் திருத்தச் சொல்லலாம். சம்மதத்தை எழுதித் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் இழப்பீடு நிலுவையில் இருக்கும்போது அப்படிச் செய்தால் அது நின்றுபோகலாம் என்பதை மறைக்கக்கூடாது. இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஸ்ரீமஞ்சோங் அரசு மருத்துவமனையின் பதிவை அங்கே மருத்துவ நெறிமுறையும் துறை விதிகளும்தான் காக்கின்றன. நிறுவனத்தின் கைக்கு வந்த நகலுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும்.

இந்த உரிமைகள் எல்லாம் பதிவு போய்ச் சேர்ந்த பிறகே பயன்படுகின்றன. அதனால் பொறுப்பு முதலில் கேட்பவரிடமே இருக்க வேண்டும். எந்த நோய், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தக் கேள்விக்கான பதிலைச் சரிபார்க்க என்று நிறுவனத்தின் கடிதத்தில் எழுதியிருக்கட்டும். கிளினிக் அந்தப் பக்கங்களை மட்டும் அனுப்பட்டும். அதே கடிதத்தின் ஒரு நகல் அதே நாளில் நோயாளியின் கைக்கும் போகட்டும்.