எட்டாயிரம் லிட்டர்

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கடியில் சம்ப் வெட்டும்போது, அதன் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் தண்ணீர் லாரிதான். ஒரு லாரித் தண்ணீர் மிச்சமில்லாமல் இறங்க வேண்டும் என்பதற்காக 12,000 லிட்டர் என்கிறார் மேஸ்திரி, நாமும் தலையாட்டுகிறோம். இந்த வீட்டுக்குத் தண்ணீர் விலைக்குத்தான் வரப்போகிறது என்பதை அஸ்திவாரம் போடும்போதே ஒப்புக்கொண்டுவிட்டு, அதே வீட்டு மொட்டை மாடியில் விழும் மழையைக் குழாய் வைத்துத் தெருவுக்கு அனுப்புகிறோம். இதில் எவருக்கும் முரண்பாடு தெரிவதில்லை. மாடியில் விழுவது எவ்வளவு, அதில் எவ்வளவைத் தேக்கிவைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததே காரணமாக இருக்கலாம்.

கணக்கு கடினமானதல்ல. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். மாடி 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,080 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்த ஓட்டுக்கூரையாக இருந்தால் ஓட்டின் நீளத்தை அளக்கக் கூடாது. கூரை தரையில் மறைக்கும் பரப்பைத்தான் எடுக்க வேண்டும். கான்கிரீட் தளம் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் ஆவியாகும், முதல் தூறல் தூசியைக் கழுவுவதிலேயே போய்விடும். இவற்றுக்காக நூற்றுக்குப் பதினைந்து கழித்துக்கொள்ளலாம். ஆக, ஒரு மில்லிமீட்டர் மழைக்கு இந்த மாடி தருவது 85 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், ஆண்டுக்கு 1,19,000 லிட்டர் நம் தலைக்கு மேலே இறங்குகிறது.

தவறு இதற்கு அடுத்த படியில்தான் நேர்கிறது. ஆண்டு மழையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர், நாளுக்கு 330 லிட்டர் வருகிறது. தினமும் இவ்வளவு வந்துகொண்டிருந்தால் தொட்டியே வேண்டியதில்லை. ஆனால் வானம் மாதச் சம்பளக்காரர் அல்ல. ஆண்டு மழையில் பாதிக்கு மேல், சுமார் 850 மில்லிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது; ஜனவரி முதல் மே வரை நம்பிக் கணக்கில் எழுதும்படி எதுவும் பெய்வதில்லை. தொட்டியின் வேலை மழையைப் பிடிப்பது என்பதைவிட, மழைக்கும் மழைக்கும் நடுவிலுள்ள நாள்களைக் கடத்துவது என்று சொல்வதே பொருத்தம். அந்த வறண்ட நாள்களின் எண்ணிக்கையை ஒரு நாள் தேவையால் பெருக்கினால் கொள்ளளவு கிடைத்துவிடும்.

ஒரு நாள் தேவை என்ன என்பது பொறியாளர் சொல்லக்கூடியதல்ல. வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்திய நகரங்களுக்கு வகுக்கப்பட்ட அளவு ஆளுக்கு 135 லிட்டர். நான்கு பேருக்கு 540 லிட்டர். ஜனவரி முதல் மே வரை 150 நாள் என்றால் 81,000 லிட்டர். அதாவது ஐந்து மீட்டர் நீளமும் ஐந்தரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கூடம். இடமும் பணமும் இருப்பவர் இதைக் கட்டிவிடலாம். ஆனால் நிரப்ப முடியாது. மழைக்கால மூன்று மாதங்களில் மாடி தருவது 72,000 லிட்டர் சொச்சம்; அந்த மாதங்களிலேயே வீடு ஏறக்குறைய 50,000 லிட்டரைச் செலவழித்துவிடும். மிஞ்சுவது 22,500 லிட்டர், நாற்பத்தோரு நாள் தண்ணீர். பிப்ரவரி பாதியில் அந்தக் கூடத்தின் தரை தெரியும். தொட்டி சிறிதாகிப்போனால் மழை வழிந்து வீணாகும். பெரிதாகிப்போனால் பணம் வீணாகும். இரண்டாவதை நாம் குறையாக எண்ணுவதில்லை, ஏனென்றால் பெரிய தொட்டி பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது.

அதே வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர் என்று முடிவு செய்தால் ஆளுக்குப் பத்து லிட்டர் தாராளம், நாளுக்கு நாற்பது. மழை சீக்கிரம் விலகி, ஜூன் தூறலும் ஏமாற்றிவிடும் ஆண்டையும் மனத்தில் வைத்து 150 நாளை 200 ஆக்கிக்கொள்வோம். சராசரி ஆண்டுக்குக் கட்டிய தொட்டி, தேவைப்படும் ஆண்டில்தான் கைவிடும் என்பதால் இந்த நீட்டிப்பு அவசியம். கிடைப்பது 8,000 லிட்டர். இரண்டு மீட்டர் நீளம், அகலம், ஆழம். அது நிரம்ப 94 மில்லிமீட்டர் மழை போதும். மழை பொய்த்தது என்று நாம் சொல்லும் ஆண்டுகளில்கூடப் பெரும்பாலும் அவ்வளவு பெய்துவிடுகிறது. பத்துக் குடும்பங்கள் 300 சதுர மீட்டர் மாடியைப் பங்கிடும் அடுக்ககத்திலும் வீட்டுக்கு 30 சதுர மீட்டர் வருகிறது. அதற்கும் இது எட்டக்கூடிய அளவுதான்.

இந்தத் தொட்டி கெடுவது கணக்கால் அல்ல, அலட்சியத்தால். ஒவ்வொரு மழையிலும் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை, அதாவது 100 முதல் 200 லிட்டரை, தனிக்குழாயில் வெளியே விட வேண்டும். புறா எச்சமும் புழுதியும் அதில்தான் வருகின்றன. வெளிச்சம் புகாத மூடி இல்லையென்றால் பாசி பிடிக்கும். வழிவுக் குழாய்க்கு வலை இல்லையென்றால் கொசு முட்டையிடும். நிரம்பிய பிறகு வருவதைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்ப வேண்டும். 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் குழாய்கள் ஒழுங்காக இறங்கின. அவற்றில் சில எங்கே போய் முடிகின்றன என்று பார்க்க அதன் பிறகு எவரும் குனியவில்லை.

2015 டிசம்பரில் இந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதே நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். முதல் ரயிலுக்கு வரவேற்பும் இருந்தது. நம் கணக்கில் அது, சராசரி மழை பெய்யும் ஆண்டில் இருபத்தொரு மொட்டை மாடிகள் தெருவுக்கு அனுப்பும் தண்ணீர். மாடி மழை வீட்டின் எல்லாத் தேவைக்கும் போதாது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் குடிக்கும் தண்ணீருக்காவது எந்த ரயிலும் ஓட வேண்டியதில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

100 சதுர மீட்டர் மாடிக்கும் நான்கு பேர் குடிநீருக்கும் சென்னையில் 8,000 லிட்டர் போதும். அதைவிடப் பெரிதாகக் கட்ட நினைக்கிறவர், கூடுதல் தண்ணீர் எதற்கு என்பதை மேஸ்திரியை அழைப்பதற்கு முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.