நான்காவது பந்தி

அறியாது செய்த பிழைக்கு ஒருவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி? பழைய வினாவே. அண்மையில் ஒரு கடிதம் அதனை மீண்டும் எம்முன் நிறுத்திற்று.

எம்மிடம் பயின்று இன்று பல்கலைக்கழகத்திற் கற்கும் மாணவனொருவன், ஆய்வுக் கட்டுரையின் வரைவொன்றை விரிவுரையாளரிடம் கொடுத்திருந்தான். அதன் மூன்று பந்திகள் ஒரு நூலிலுள்ளவாறே, சொல் மாறாமல் அமைந்திருந்தன. மேற்கோட் குறியுமில்லை, அடிக்குறிப்புமில்லை. கல்விசார் நேர்மைக் குழு விளக்கம் கேட்டது. களவாடும் எண்ணம் தனக்கில்லை என்றும், அது வரைவு மாத்திரமே என்றும் எழுதிய மறுமொழியை அவன் எம்மிடம் காட்டினான்.

எண்ணத்தை எவரும் கண்ணாற் காண்பதில்லை. அது விட்டுச்சென்ற சுவடுகளையே காண்கிறோம். ஆதலால் அவனுடைய குறிப்பேட்டைக் கேட்டோம். நூலின் வசனங்களும் அவனது கருத்துகளும் ஒரே மையில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. சில இடங்களில் பக்க எண் இருந்தது. எங்கும் மேற்கோட் குறி இல்லை. வாரங்கள் கழித்து வரைவு எழுதுகையில், எது எவருடையது என்பது அவனுக்கே மறந்துபோயிற்று.

இது மாணவர்க்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் 1987இல் வெளியிட்ட நூலில் வேறோர் எழுத்தாளரின் வசனங்கள் கலந்திருந்தமை 2002இல் பரவலாகத் தெரியவந்தது. கையெழுத்துக் குறிப்புகளில் நேர்ந்த குழப்பமே காரணம் என அவர் விளக்கினார். ஆயினும் விளக்கம் பொறுப்பை நீக்கவில்லை. கவனமாயிருத்தல் தன் கையிலிருந்தும் கவனியாதவனின் அறியாமை மன்னிப்புக்குரியதன்று என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு.

குறிப்பேட்டையும் வரைவையும் வரிவரியாக ஒப்புநோக்குமாறு மாணவனிடம் கூறினோம். மறுநாள் அவன் முகம் வாடி வந்தான். நான்காவது பந்தியொன்றும் அகப்பட்டிருந்தது. குழு அதனைக் கண்டிருக்கவில்லை. மேலும், அதில் இரண்டு மூன்று சொற்கள் மாற்றப்பட்டிருந்தன. சொல் மாறாத பந்தி மறதியைக் காட்டலாம்; மாற்றிய சொல்லோ மறைக்கும் நோக்கத்தைக் காட்டுவதாகவே கொள்ளப்படும். நடையை எளிதாக்கவே மாற்றினேன் என்றான். நாம் நம்பினோம், குழு நம்புமென்று சொல்ல முடியாது.

"இதையும் எழுதத்தான் வேணுமா, சேர்?" என்று கேட்டான்.

முதல் மூன்றும் அறியாது நேர்ந்தவை. நான்காவதும் நேற்றுவரை அவ்வாறே. இன்று அவன் அதனை அறிவான். இனி மறைப்பின், அது மறதியன்று. தெரிந்து செய்யும் வஞ்சனை. அதன்பின் முதல் மூன்றைப் பற்றி அவன் கூறும் உண்மையும் உண்மையாக நிற்காது. இதனைச் சொல்லிவிட்டு, முடிவை அவனிடமே விட்டோம்.

அவன் கடிதத்தைப் புதிதாக எழுதினான். நான்கு இடங்களையும் பக்க எண்ணுடன் காட்டினான். மாற்றிய சொற்களையும் குறித்தான். குறிப்பேட்டையும் திருத்திய வரைவையும் இணைத்தான். 'வரைவு மாத்திரமே' என்ற வசனத்தை நாம் சொல்லாமலே நீக்கியிருந்தான். குழுவின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது கடுமையாகவும் இருக்கக்கூடும் என்பதை அறிந்தே அவன் கையொப்பமிட்டான்.