துக்கப்பட்டவரைக் காணும்போது

தி.நகரில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவி காலமாகி, உடலை ஊருக்குக் கொண்டுபோய், நாமம் சாற்றி, வடக்கு முகமாக அடக்கம் செய்தார். பதினாறு நாள் கழித்துச் சென்னை திரும்பி, ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்கு வருகிறார். அவரிடம் நாம் என்ன சொல்கிறோம்?

ஒருவர் என்ன பேசுவதென்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார். ஒருவர், "படாமல் போனாங்களே, நல்ல சாவு" என்கிறார். இன்னொருவர், "அழக்கூடாது அண்ணாச்சி, அய்யாகிட்டதானே போயிருக்காங்க" என்கிறார். சொன்னது நம் நம்பிக்கைதான். ஆனால் அந்த நேரத்தில் அது அவர் வாயை அடைத்துவிடுகிறது.

நமக்கு அய்யா தந்த சொல் ஒன்று இருக்கிறது. மற்ற வணக்கங்களைப் போல அது "காலை நல்ல காலை" என்றோ, "நலமா" என்றோ சொல்வதில்லை. "அய்யா உண்டு" என்கிறது. துக்கம் இல்லை என்று அது சொல்லவில்லை. துக்கத்திலும் அய்யா உண்டு என்கிறது. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் மாற்றாமல் சொல்லக்கூடிய சொல் அது. ஆகவே கைகூப்பி, மெதுவாக, "அய்யா உண்டு அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்வரை பொறுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும்.

அதோடு நின்றுவிட்டால் அது கடமைக்குச் சொன்னதாகிவிடும். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்: "அன்னதர்மத்தில் அக்கா கடைசிப் பந்தி முடியாமல் உட்கார மாட்டாங்களே." பேரைச் சொன்னால் அழுவார் என்று அஞ்சவேண்டாம். அவர் மறந்திருந்தால்தானே நாம் நினைவூட்ட! இறந்தவரை நீங்கள் அறியாதவரானால், "நான் பார்த்ததில்லை அண்ணாச்சி. எப்படிப்பட்டவங்க?" என்று கேளுங்கள். எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள். அகால மரணமானால் இது இன்னும் முக்கியம்.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ பக்கத்து வீட்டார் வேறு வழிபாட்டினராக இருக்கலாம். அவர்களிடம், "கேள்விப்பட்டேன், மனசு கேட்கலை" என்றால் போதும்.

துக்க வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொல்வது நம் வழக்கமில்லை. அதனால் பலர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பிறகு வராமலே இருந்துவிடுகிறார்கள். தாங்கலில் காணும்போது அந்தத் தடை இல்லை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் அவர் கேட்கமாட்டார். "வெள்ளிக்கிழமை ராத்திரி கடை மூடினதும் வாரேன், சேர்ந்து சாப்பிடுவோம்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போங்கள். தனியாகச் சாப்பிட உட்காரும் இரவுதான் அவருக்குக் கனமான நேரம். அந்த இரவில் பக்கத்தில் இருப்பது தர்மம்.

அய்யா உண்டு!