பிழைப்பா, பந்தயமா?

பெங்களூருவில் வசிக்கும் அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். மென்பொருள் நிறுவனமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். வேலையை விட்டுவிட்டுப் பங்குச் சந்தையில் முழுநேரமாக டிரேடிங் செய்ய எண்ணுவதாகக் கூறி, அது குறித்துக் கும்பகோணத்திலிருந்து தம் தமக்கை எழுதிய கடிதத்தை நீட்டினார். அந்த அம்மையார் பள்ளியில் கணித ஆசிரியை. பெயர்களை வெளியிடாமல் அக்கடிதத்தைப் பயன்படுத்திக்கொள்ள இருவரும் அனுமதி தந்தனர்.

கடிதம் இவ்வாறு தொடங்குகிறது:

‘அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. முப்பத்தாறு வயதான உன்னைத் தடுக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ஆசி கேட்டிருக்கிறாய். கணக்கைப் பார்க்காமல் ஆசி கூற என்னால் இயலாது.

‘எட்டு மாதத்தில் பத்து லட்சத்தை வைத்து நான்கு லட்சம் ஈட்டியதாகச் சொல்கிறாய். வருங்கால வைப்பு நிதியையும் எடுத்து முதலை இருபத்தைந்து லட்சமாக்கினால் மாதம் ஒன்றேகால் லட்சம் வரும் என்கிறாய். நான் அதே கணக்கை உன் வீட்டு அடுப்பிலிருந்து போட்டுப் பார்த்தேன். உன் குடும்பச் செலவு மாதம் 75,000 ரூபாய். ஆண்டுக்கு ஒன்பது லட்சம். அதாவது முதல் குறையாமல் சாப்பிடுவதற்கே ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு ஈட்ட வேண்டும். இப்போது நட்டம் வந்தால் சம்பளம் தாங்குகிறது. பிறகு நட்டம் வந்த மாதமும் வாடகை கொடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் நூற்றுக்குப் பத்து வீதம் இழந்தாய் என்று வை. வீட்டுச் செலவும் அதிலிருந்தே போக, கையில் பத்தொன்பது லட்சத்துக்கும் குறைவாகவே இருக்கும். பழைய நிலைக்கு வர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இலாபம் வேண்டும். அந்த அவசரத்தில் கைவைப்பவன் இன்று நிதானமாக இருக்கும் என் தம்பியாக இருப்பானா?’

இந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் அதே செயலைத்தான் செய்யப்போகிறோம் என்று அன்பர் எண்ணினார். உண்மையில் செயல் மாறாவிட்டாலும் செய்பவன் மாறிவிடுகிறான். சம்பளம் அவருக்கு வருமானம் மட்டுமன்று. பொறுமையாகக் காத்திருக்கும் ஆற்றலும் அதுவே.

அவருடைய தொழில் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் ஆப்ஷன் விற்பவர். குறியீட்டு எண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஈடு தருவதாக வாக்களித்து, அதற்குரிய பிரீமியத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்வார். பெரும்பாலான நாட்களில் எதுவும் நிகழாது. பிரீமியம் இலாபமாகத் தங்கிவிடும். ‘நான் செய்வது சூதாட்டமன்று, காப்பீடு’ என்பது அவருடைய வாதம். தமக்கை அதற்கும் விடை எழுதியிருக்கிறார்:

‘2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263 புள்ளிகளில் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு வெளியானபோது 21,884இல் முடிந்தது. ஒரே நாளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு வீழ்ச்சி. 22,500க்குக் கீழே போனால் ஈடு தருவதாக ஒருவர் முதல் நாள் 250 அலகுகள் விற்றிருந்தார் என்று கொள்வோம். அலகுக்கு நூறு ரூபாய் வீதம் 25,000 ரூபாய் பெற்றிருப்பார். மறுநாள் முடிவு நிலையின்படி அலகுக்கு 600 ரூபாய்க்கு மேல் அவர் தர வேண்டியிருக்கும். பெற்றதைக் கழித்தும் நட்டம் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும். அப்படியொரு நாளில் உன் கையில் விற்ற ஒப்பந்தம் இருந்ததில்லை. ஆகவே உன் எட்டு மாத இலாபம் உன் திறமைக்குச் சான்றா, அந்த நாள் இன்னும் வராததற்குச் சான்றா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காப்பீட்டு நிறுவனம் ஆயிரம் ஊர்களில் ஆயிரம் வீடுகளுக்கு ஈடு தருகிறது. எல்லா வீடும் ஒரே நாளில் எரிவதில்லை. நீ விற்பதெல்லாம் ஒரே வீட்டின்மீது.’

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒன்று தோன்றியது. டிரேடிங் என்பதை நாம் எளிதாக வணிகம் என்று பெயர்த்துவிடுகிறோம். உப்பு விளையாத ஊருக்கு உப்பைச் சுமந்து சென்றவன் வணிகன். அவனுக்கும் இலாபம், வாங்கியவனுக்கும் பயன். ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்களில் ஒருவர் பெறும் தொகை மற்றொருவர் இழக்கும் தொகையே. கட்டணமும் வரியும் போனபின் இருவரின் கூட்டுத்தொகை குறையவே செய்யும். கையிலுள்ள பங்குகளின் வீழ்ச்சிக்கு அஞ்சிப் பாதுகாப்பு வாங்குபவருக்கு இச்சந்தை பயன்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார் என்று அறியாமல் அதையே பிழைப்பாகக் கொள்ளலாமா?

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார் என்பதைச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இச்சந்தையில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். செலவுகள் போக ஒரு லட்சத்துக்கு மேல் ஈட்டியவர் நூற்றில் ஒருவர். பெரும் இலாபம் கணினி நிரல்களால் இயங்கும் பெருநிறுவனங்களுக்குச் சென்றது. மேலும் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு: அடுத்தடுத்த ஆண்டுகளில் இழந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் நிறுத்தாமல் தொடர்ந்தனர். இழப்பு தானாக அறிவைத் தந்துவிடுவதில்லை.

அன்பரின் தரப்பிலும் ஒரு தார்மீக நியாயம் இருந்தது. சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை இயங்குகிறது. அலுவலகக் கூட்டங்களில் அமர்ந்துகொண்டு மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்ப்பது அவர் மனத்தை உறுத்தியது. ‘சம்பளம் கொடுப்பவரை ஏமாற்றுவதைவிட விலகுவது நேர்மையன்றோ?’ என்று கேட்டார். தமக்கை இதைப் புறந்தள்ளவில்லை:

‘உன் உறுத்தல் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து வேலையை விடுவது ஒன்றுதானா? நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையற்ற அளவுக்கு உன் டிரேடிங்கைச் சுருக்கிக்கொள். விற்கும்போதே அதற்குக் கீழே ஒரு ஆப்ஷனை வாங்கி வைத்து, இழப்புக்கு எல்லை கட்டு. இலாபம் குறையும், குறையட்டும். இரண்டு ஆண்டு இப்படிச் செய். ஓராண்டுக் குடும்பச் செலவை எவரும் தொடாத கணக்கில் போடு. வைப்பு நிதியைத் தொடாதே. அது உன் மகளுக்கும் மனைவிக்கும் உரியது. இரண்டு ஆண்டும், எல்லாச் செலவும் போக, வங்கி வட்டிக்கு மேல் நின்றால் நானே வந்து ஆசி கூறுகிறேன்.

‘இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரையில் தெரியும் எண் வேண்டாம். வருமான வரிக்காகத் தரகு நிறுவனம் தரும் முழு ஆண்டு இலாப நட்ட அறிக்கையை அனுப்பு. நீ தொடங்கிய முதல் நாளிலிருந்து, எந்தக் கணக்கையும் விடாமல்.’

இக்கடிதத்தின் அறம் இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். அன்புடையவர் மற்றவருடைய முடிவைத் தாம் எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் அவர் முழு உண்மையைக் கண்ட பிறகே முடிவெடுக்கிறார் என்பதை உறுதிசெய்யலாம். தன் பணம், தன் விருப்பம் என்று சொல்வதற்கு ஒரு தகுதி வேண்டும். தன்னிடமே மறைக்காதிருப்பது அத்தகுதி.

அன்பர் அறிக்கையைத் தருவித்தார். நான்கு லட்சத்தில் தரகும் வரியும் கட்டணங்களும் 90,000 ரூபாய் போயிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு கணக்கில் 1,60,000 ரூபாய் இழந்திருந்தார். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கூட்டிக் கழித்தால் எஞ்சியது ஒன்றரை லட்சம். ‘அந்தப் பழைய கணக்கை மறந்தே போனேன் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்றார்.

முதலில் மனைவியிடம் சொன்னார். பிறகு தமக்கைக்கு அனுப்பினார். விலகல் கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. எம்முடிவாயினும் அது கண் திறந்து எடுத்ததாக இருக்கும்.