இல்லறத்தில் உதவியும் பங்கும்

இல்லற வாழ்விற் கணவனும் மனைவியும் சமமானவர் என்பதைக் கொள்கையளவில் மறுப்போர் இன்று கற்றோரிடையே அரிதாகவே உளர். ஆயின், விடியற் காலையில் அடுப்பை மூட்டுவது யார், இரவிற் பாத்திரங்களைக் கழுவுவது யார் என்னும் வினாக்கள் எழும்போது அக்கொள்கை மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. புதிதாக மணம்புரிந்த இருவர் தம் வீட்டு வேலைகளை நியாயமாகப் பகிர்ந்துகொள்ள விரும்பின், அந்த நியாயத்தை எதனைக்கொண்டு அளப்பது? வேலைகளின் எண்ணிக்கையாலா, செலவாகும் நேரத்தாலா, அல்லது வேறொன்றாலா? இவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காங்கேசன்துறையில் வாழும் இளந்தம்பதியர் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டிலே தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்து ஆலையின் காலத்தில், ஆண் வேலைக்குச் செல்லப் பெண் வீட்டைக் காப்பது என்ற ஒழுங்கே இங்குப் பெரும்பாலும் நிலவியது. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே கட்டங் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டு, குடும்பங்கள் மீண்டு வரலாயின. மீண்டு வந்த வளவுகளில் இன்று வீடமைக்கும் இளையோருட் பலர் இருவரும் உழைப்பவர். வீட்டின் சுவர்கள் புதியன. வீட்டு வேலை பற்றிய எண்ணமோ பழைய அத்திவாரத்திலேயே நிற்கிறது.

நமது எடுத்துக்காட்டிற் கணவர் யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்திற் பணிபுரிகிறார். காலை 7 மணிக்குப் புறப்பட்டு மாலை 5.30 மணிக்கு வீடு திரும்புகிறார். மனைவி அயலூர்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. அவரும் 7 மணிக்கே புறப்படுகிறார். ஆனாற் பிற்பகல் 2.15 மணிக்கு வந்துவிடுகிறார். ‘உமக்குத்தான் பின்னேரம் முழுவதும் ஓய்வாயிற்றே’ என்று கணவர் கூறுவது இயல்பு. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தாலன்றி அறிய முடியாது.

ஐந்து வேலை நாள்களுக்கும் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிடின், கணவருக்கு வாரத்தில் ஏறத்தாழ 52 மணி நேரமாகிறது. மனைவிக்கு 36 மணி நேரம். வீட்டிலிருந்து பாடக்குறிப்பு எழுதவும் கொப்பிகள் திருத்தவும் ஆறு மணி நேரம் சேர்ந்தால் 42. இனி வீட்டு வேலைகளை நோக்குவோம். காலை உணவும் மதிய உணவும் சமைக்க ஒன்றேகால் மணி, இரவுச் சமையலுக்கு ஒரு மணி, பாத்திரங்களுக்கும் அடுக்களைக்கும் முக்கால் மணி, வீடும் முற்றமும் கூட்ட அரைமணி. ஆக நாளொன்றுக்கு மூன்றரை மணி. வாரத்துக்கு 24½ மணி. இதனோடு துணி துவைப்பதற்கு 3 மணி, சந்தைக்கு 2½ மணி, வளவு துப்புரவுக்கும் கிணற்றடிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் 2 மணி, பட்டியல்கள் செலுத்துதல் முதலிய வெளிக் காரியங்களுக்கு 2 மணி. மொத்தம் 34 மணி நேரம்.

இருவரின் தொழில் நேரத்தையும் வீட்டு வேலை நேரத்தையும் ஒன்றாய்க் கூட்டினால் 128 மணி வரும். அதிற் பாதி 64. ஆகவே கணவருக்கு உரிய வீட்டுப் பங்கு 12 மணி. மனைவிக்கு உரியது 22 மணி. சரிபாதி என்பது வீட்டு வேலையை 17, 17 எனப் பிரிப்பதன்று. ஒருவர் ஓய்ந்திருக்கும் நேரமும் மற்றவர் ஓய்ந்திருக்கும் நேரமும் ஒத்திருக்கச் செய்வதே சரிபாதி. கணவரின் கூற்றிற் பத்து மணி நேர உண்மை இருந்தது. முழு வீட்டையும் மனைவியின் தலையிற் சுமத்துவதற்கு அது போதாது.

அன்புள்ளவரிடையே கணக்கு எதற்கு என்று சிலர் வினவுவர். இதற்கு விடையாக ஓர் ஆய்வைச் சுட்டலாம். 1979ஆம் ஆண்டில் மைக்கேல் றொஸ், பியோரி சிக்கோலி என்னும் உளவியலாளர் இருவர், 37 தம்பதியரிடம் வீட்டுக் காரியங்களில் தத்தம் பங்கு எவ்வளவு எனத் தனித்தனியே வினவினர். பெரும்பாலான காரியங்களில் இருவர் கூறிய பங்குகளையும் கூட்டியபோது அது முழுமையை விஞ்சி நின்றது. இதிற் பொய்யுரைத்தவர் எவருமிலர். தான் செய்ததைத் தான் எளிதில் நினைவுகூர்வதும், மற்றவர் செய்ததைக் காணாமல் விடுவதும் மனித இயல்பு. எனவே எண்ணாமல் விட்டால், இருவருமே தாம் கூடுதலாகச் செய்வதாக நம்பி மனத்தாங்கல் கொள்வர். ஒருமுறை அமர்ந்து எழுதிவிட்டால், நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் தேவை ஒழிகிறது.

ஆயின், நேரக் கணக்கு மட்டும் போதுமா? கணவர் தமது 12 மணி நேரத்துக்குச் சந்தை, துணி, வளவு, வெளிக் காரியங்கள் என்பவற்றை ஏற்று, மிகுதிக்குச் சனி, ஞாயிறுகளில் வீடும் முற்றமும் கூட்டிப் பாத்திரங்களையும் அடுக்களையையும் கவனிக்கிறார் எனக் கொள்வோம். கணக்குச் சரியாகிறது. ஆனால் இவை யாவும் சனி, ஞாயிறுகளில், தமக்கு வசதியான வேளையிற் செய்யத்தக்கவை. மழை பெய்தால் துவைப்பதை மறுநாளுக்குத் தள்ளலாம். பசியைத் தள்ள முடியாது. தள்ளக்கூடிய வேலை முழுவதும் ஒருவருக்கும், தள்ள முடியாத வேலை முழுவதும் மற்றவருக்கும் அமையின், பின்னவர் நாளெல்லாம் கடிகாரத்துக்குக் கட்டுண்டிருப்பார். ஆதலின் தள்ள முடியாத வேலைகளில் ஒன்றேனும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். நமது கணவர் இரவுச் சமையலை முழுதாக ஏற்கட்டும். அது 7 மணி. சந்தையும் வெளிக் காரியங்களும் 4½ மணி. ஆக 11½. மனைவிக்கு 22½. இவ்வரைமணி பற்றி எவரும் வாதிடத் தேவையில்லை.

இனி, மூன்றாவதும் நுட்பமானதுமான கூறொன்று உளது. இரவுக்குப் பிட்டு அவிப்பது கணவரின் பொறுப்பாயிற்று. வேலையால் வந்தவர், ‘மா எங்கே? தேங்காய் இருக்கிறதா? நீத்துப்பெட்டி எங்கே?’ எனக் கேட்கிறார். மனைவி கொப்பி திருத்துவதை விட்டு எழுந்து வந்து எடுத்துக் கொடுக்கிறார். வறுத்த மா முடியப் போகிறது என்பதை இரண்டு நாள்களுக்கு முன் கண்டவரும் அவரே. அரிசி ஊறப்போட்டு, அரைப்பித்து, மா வறுக்க வேண்டும் என நினைவில் வைத்தவரும் அவரே. அவித்தது கணவரின் கை. சமையலோ இன்னும் மனைவியின் தலையிலேதான் இருக்கிறது. அலிசன் டமிங்கர் என்னும் சமூகவியலாளர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்தக் காணா வேலையை நான்காகப் பகுத்தார்: தேவையை முன்னுணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நிறைவேறியதா எனக் கண்காணித்தல். முடிவெடுத்தலில் இருவரும் பங்குகொள்ள, முன்னுணர்தலும் கண்காணித்தலும் பெரிதும் பெண்களிடமே தங்கியிருப்பதை அவர் கண்டார்.

‘உதவி’ என்ற சொல்லின் குறைபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. உதவி செய்பவர் வேலைக்குச் சொந்தக்காரர் அல்லர்; கேட்டாற் செய்வார், கேளாவிடிற் குற்றமில்லை. பங்கு என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வேலையை உடையவராதல். மா முடிவதைக் காண்பதும், வறுத்து வைப்பதும், பிட்டுக் குழைந்துபோனால் அடுத்த நாள் திருந்தச் செய்வதும் அதனுள் அடங்கும். பங்கீடு நியாயமாக நடைபெறுகின்றதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு: ஒரு வாரத்திற் யார் யாரிடம் ‘என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்கிறார் என்பதைக் கவனித்தாற் போதும். கேள்வி ஒரே திசையிற் செல்லுமாயின், பங்கீடு இன்னும் தாளிலேயே இருக்கிறது.

யாழ்ப்பாணத்து மரபிலே பங்கு பற்றிய ஆழ்ந்த சிந்தனை இல்லாமலில்லை. 1706-07ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, மணவாழ்விற் சேர்த்த பொருளைத் ‘தேடிய தேட்டம்’ எனத் தனித்து வகுத்து, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக்கியது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் அதன் வரையறையை மாற்றிய போதிலும் அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. ஒருவர் தேடியது இருவருக்கும் உரியதாவது ஏன்? ஒருவர் வெளியே தேடுவதற்கு மற்றவரின் உழைப்பு உள்ளே தாங்கிநிற்பதே காரணம் எனலாம். அவ்வாறாயின், பொருளைப் பொதுவெனக் கொண்ட நாம் அதனைத் தாங்கிய உழைப்பையும் பொதுவெனக் கொள்ளுதலே பொருத்தமாகும். சொத்தை நிருவகிக்கும் உரிமையை மரபு கணவனிடம் வைத்தது. அங்கு அது அதிகாரம். அடுக்களையை நிருவகிக்கும் கடமையை மனைவியிடம் வைத்தது. இங்கு அது சுமை.

மேனாட்டுச் சிந்தனையாளரும் இவ்விடத்திற் தடுமாறியதுண்டு. பெண்களின் அடிமை நிலையை எதிர்த்து 1869ஆம் ஆண்டில் நூல் எழுதிய யோன் ஸ்டுவார்ட் மில், கணவன் பொருளீட்ட மனைவி இல்லத்தைக் கவனிப்பதே பொதுவாகத் தகுந்த பகுப்பு என அந்நூலிலேயே கூறினார். வெளியுழைப்பையும் பெண் ஏற்றால் அவள்மேல் இரட்டைச் சுமை ஏறும் என்பது அவரது அச்சம். அச்சம் நியாயமானதே. உட்சுமையை இடமாற்றலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நமது சூழலுக்குச் சிறப்பாக உரிய இடர் ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். மணமக்கள் பெரும்பாலும் பெண்ணின் சீதன வீட்டிலோ அவள் பெற்றோரின் அயலிலோ வாழ்வர். ‘அம்மா இருக்கிறாதானே’ என்ற ஒரு சொல்லிலே எல்லாச் சிக்கலும் தீர்ந்தாற் போலத் தோன்றும். முற்றம் விடியுமுன் கூட்டப்பட்டிருக்கும். மதியக் கறி வந்து சேரும். கணவனும் மனைவியும் தமக்குள் சமமாகிவிட்டதாக மகிழ்வர். ஆனால் அச்சமத்துவம் அறுபது வயதுத் தாயொருத்தியின் முதுகிலே நிற்கும். அவர் அன்பினாற் செய்வதையும் கணக்கில் எழுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் மனங்கொண்டு அம்மனைவி தம் கணவருக்கு எழுதும் மடல் பின்வருமாறு அமையலாம்:

“அன்புடையீர், சண்டையாகப் பேசுமுன் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இரண்டு பட்டியல்கள் இத்துடன் வைத்திருக்கிறேன். முதலாவதில் இரவுச் சமையல், சந்தை, வெளிக் காரியங்கள், இரண்டாவதில் மற்றவை. உங்கள் வேலை நேரம் நீண்டது என்பதால் முதலாவதை உங்களுக்கென எண்ணினேன். அது பாரமென்று தோன்றினால் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நெருப்போடு கூடிய வேலை ஒன்று உங்களிடம் இருக்கட்டும். உங்கள் வேலையை நான் மேற்பார்க்க மாட்டேன். பிட்டுக் குழைந்தாலும் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் என்னிடம் மா எங்கே என்று கேட்க வேண்டாம். அம்மா தருவதை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வாங்க வேண்டாம். பரீட்சைத் தாள்கள் திருத்தும் மாதத்தில் என் பங்கிற் சிலதை நீங்கள் எடுங்கள். உங்கள் கணக்கு முடிவு மாதத்தில் நான் எடுக்கிறேன். மூன்று மாதத்தின் பின் இருந்து பேசுவோம்.”

இம்மடலில் உள்ள ஒரு வாக்கியம் எழுதியவரையே கட்டுப்படுத்துகிறது: ‘நான் மேற்பார்க்க மாட்டேன்’ என்பதே அது. பொறுப்பைக் கொடுப்பவர் அதிகாரத்தையும் கொடுத்தாக வேண்டும். தன் தாயின் கைப்பக்குவத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, கணவன் அவித்ததை மறுபடி அவிக்கும் மனைவி, தானே தன் சுமையைத் திருப்பிப் பெற்றுக்கொள்கிறாள்.

இவ்வொழுங்கிற்கும் எல்லை உண்டு. நோய் வந்தாற் பட்டியல் நிற்காது. முதற் குழந்தை பிறக்கும்போது 34 மணி என்ற கணக்கே குலைந்துபோகும். அன்று பழைய தாளைக் காட்டி வாதிடுதல் நியாயமாகாது. மீண்டும் எண்ணுதல் வேண்டும். முன்பு ஒருமுறை எண்ணியோருக்கு அது கடினமாயிராது. எண்ணாதோரிடத்திலோ, குழந்தையோடு வரும் புதிய வேலை முழுவதும், யாரும் தீர்மானியாமலே, ஏற்கெனவே அடுக்களையில் நிற்பவரின் கைக்குப் போய்ச் சேரும்.